இரண்டு கடிதமும் ஒரு சிறுநீரகமும்

வின்னிபெக்கிலிருந்து வந்த உறையை மர்ஸூக் நானா கையால் கிழிக்கவில்லை. கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி, ஓரத்தை நூல் பிடித்ததுபோல் வெட்டினார். பதுளைக் கடைவீதியில் தேயிலை பொதி செய்யும் அவருடைய கடைக்குக் கனடாவிலிருந்து வந்த மூன்றாவது கடிதம் அது. முதல் இரண்டும் நல்ல செய்தி கொண்டுவந்தவை.

"வாசி தம்பி. சத்தமா வாசி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஹுமைத் சத்தமாக வாசிக்கவில்லை. முதல் பத்தியைக் கண்ணால் ஓட்டினான். பிறகு இரண்டாவது. பிறகு மறுபடியும் முதலாவது.

"என்ன, பேசாம நிக்கிற? உன்னோட இதுதான் பெரிய கரைச்சல். கியெவ்ல ஆறு வருஷம் படிப்பு சொல்லிக்குடுத்தாங்களா, வாய மூடச் சொல்லிக்குடுத்தாங்களா?"

"நானா, அவங்களுக்கு நம்மட தேயிலை வேணாமாம்."

கடைக்குள் தேயிலை சலித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன.

வின்னிபெக் நகரில் உக்ரேனியர் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுறவுக் கடை, வருடம் முழுவதும் மர்ஸூக் நானாவின் தேயிலையை வாங்க விரும்பியது. நமுனுகுலை மலைக்குக் கீழே, காணி உச்சவரம்புச் சட்டத்தில் பறிபோகாமல் தப்பிய அவருடைய நாற்பது ஏக்கரில் விளையும் கொழுந்தின் மாதிரி அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பொதியிலும் அந்தத் தேயிலை எப்படி உண்டாகிறது, எப்படி ஊற்றிக் குடிப்பது என்று உக்ரேனிய மொழியில் ஒரு தாள் இருக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன் ஊரைவிட்டுப் போன வயதானவர்கள். இங்கிலீஷில் எழுதினால் வாசிக்க மாட்டார்கள்.

"அதுக்கென்ன, எங்கட ஆள் அந்த ஊர்லயே படிச்சவன்" என்று மர்ஸூக் நானா பதில் போட்டுவிட்டார். கியெவில் உணவுத் தொழில்நுட்பம் படித்துப் பட்டத்தோடு திரும்பிய ஹுமைத்துக்கு அந்தப் பட்டத்தை மதித்து வேலை கொடுக்க இங்கே யாரும் இருக்கவில்லை. கடைவீதியில் அவனுக்கு 'ரஷ்யாக்காரன்' என்று பெயர். அந்தப் பெயரில் மரியாதையைவிடச் சிரிப்புத்தான் அதிகம். இந்தத் தாள்தான் ஆறு வருடத்துக்கு அவன் காட்டக்கூடிய முதல் பலன். கொழும்பில் யாரோ ரஷ்ய மொழியில் அச்சடித்திருந்த பழைய தேயிலைப் பிரசுரம் ஒன்றை எடுத்து, நான்கே நாளில் உக்ரேனியமாக மாற்றி அனுப்பிவைத்தான்.

"என்ன குத்தமாம்?" என்றார் நானா.

"பெண்கள வச்சு ஞாயித்துக்கிழமைல கொழுந்து எடுக்கிற தோட்டத்துச் சாமானை நாங்க விக்க மாட்டோம், கோயிலுக்குப் போற சனம் நாங்கன்னு எழுதியிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமையா? நான் எப்படா ஞாயித்துக்கிழமை வேலை வாங்கினேன்? ஞாயித்துக்கிழமை அந்த மலைல ஆட்டுக்குட்டிகூட மேயாதே!"

"நான்தான் அப்படி எழுதியிருக்கேன் போல."

கடிதத்தோடு ஹுமைத்தின் தாளும் திரும்பி வந்திருந்தது. சிவப்புப் பென்சில் கோடுகள் அதில் புதர்க்காடாகப் படர்ந்திருந்தன. கூட்டுறவின் செயலாளர் திருமதி ஒலேனா ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இங்கிலீஷில் பொறுமையாகக் குறிப்பு எழுதியிருந்தார். 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்று இருக்கவேண்டிய இடத்தில், 'இரண்டு கடிதங்களும் ஒரு சிறுநீரகமும் மட்டுமே பறிக்கப்படும்' என்று இருப்பதாக ஒரு குறிப்பு.

மர்ஸூக் நானா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகு முகம் கறுத்தது.

"சரி. கடைசில என்ன எழுதியிருக்கு?"

"மார்ச் பன்னெண்டாந் தேதி அந்தச் செயலாளர் அம்மா கொழும்புக்கு வாறாங்க. பதினாலாந் தேதி பதுளைக்கு ரயில். அன்னைக்குச் சரியான தாள் இருந்தா பேசலாமாம். இல்லாட்டி ஒரு கோப்பை தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிடுவாங்களாம்."

"இன்னும் எத்தனை நாள்?"

"பத்தொம்பது."

"அப்ப பத்தொம்பது நாளைக்கு நீ பேசாம இருக்கலாம். இருபதாம் நாள் அந்தத் தாள் பேசணும். வெளங்குதா?"

*

ஹுமைத்தின் மனைவி ஸுபைரா பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். அன்று மாலை சிவப்புக் கோடிட்ட தாளை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பிழை திருத்துவது அவளுடைய தொழில். இவ்வளவு கோடு விழுந்தால் மாணவன் எந்த இடத்தில் வழுக்கியிருப்பான் என்று அவளுக்கு ஒரு மோப்பம் உண்டு.

"இதை எப்படி எழுதினீங்க? செஞ்ச மாதிரியே செல்லுங்க, கேக்கிறேன்."

அவன் தன் கொப்பியைத் திறந்து காட்டினான். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தான். இடப்பக்கம் ரஷ்யச் சொல், வலப்பக்கம் உக்ரேனியச் சொல். மேலிருந்து கீழாக எறும்பு வரிசை.

"இது நீங்க வாப்பாட கிதாபுகளைப் பெயர்த்து எழுதின மாதிரியல்லவா இருக்கு!"

அவள் சொன்னது சரி. சிறுவயதில் அவன் வீட்டில் அரபுத் தமிழ்க் கிதாபுகள் இருந்தன. அரபு எழுத்தில் எழுதிய தமிழ். உம்மாவுக்கு அரபு எழுத்துத் தடக்கும் என்பதால், இடப்பக்கம் அரபு எழுத்து, வலப்பக்கம் தமிழ் எழுத்து என்று கோடு போட்டு, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுப்பான். ஒரு சொல்லும் கூடாது, ஒரு சொல்லும் குறையாது. எழுத்து மாறும். பாஷை அப்படியே வந்து இறங்கும். ரஷ்யப் புத்தகத்தையும் உக்ரேனியப் புத்தகத்தையும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இதுவும் அந்த மாதிரிதான் என்று அவன் மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. நான்கு எழுத்துத்தான் வித்தியாசம், அதை மாற்றினால் ஆயிற்று என்று நினைத்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே தெரியுது" என்றான் தாழ்ந்த குரலில். "ரஷ்யன்ல வாரத்துக்கு நெதேல்யா. இவங்கள்ட நெதீல்யான்னு ஒரு சொல் ஈக்குது. எழுத்து கொஞ்சம் மாறியிருக்கு, அவ்வளவுதான்னு நெனச்சேன். அது ஞாயித்துக்கிழமை. வாரத்துக்கு அவங்க சொல்றது திஜ்தென். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"கிதாபு ஒரே பாஷை, உடுப்புத்தான் வேற. இது வேற பாஷை, உடுப்பு மட்டும் கொஞ்சம் ஒண்டுபோல." ஸுபைரா எழுந்து போய்த் தன் பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்தாள். "இங்க பாருங்க. ஏதோ ஒரு கல்விக் கந்தோர்லயிருந்து சிங்களத்துல வந்ததை யாரோ சொல்லுக்குச் சொல்லு தமிழாக்கி ஈக்காங்க. 'ஆசிரியர்களுக்குப் பயிற்சி பெறும் அவஸ்தை வழங்கப்படும்.' சிங்களத்துல அவஸ்தாவன்னா சந்தர்ப்பம். இந்த மனிசன் தமிழ்லயும் அதே சொல் ஈக்குதேன்னு சந்தோஷமா எடுத்து வெச்சிட்டாரு. எங்கட பள்ளிக்கூடமே ரெண்டு நாளா சிரிக்குது. ஒரு டீச்சர் செல்றா, 'நாங்க ஏற்கெனவே அந்த அவஸ்தையிலதான் ஈக்கிறோம்'னு."

ஹுமைத் சிரிக்கவில்லை. சுற்றறிக்கையை வாங்கி அந்த வரியை மறுபடி வாசித்தான். அதை எழுதிய, முகம் தெரியாத அந்த எழுதுவினைஞன்மீது அவனுக்கு ஒரு சகோதர பாசம் உண்டாயிற்று.

*

இருந்தும் அடுத்த ஐந்து நாளும் பழைய தாளைத் திருத்தித்தான் பார்த்தான். ஒரு சொல்லை மாற்றினால் பக்கத்துச் சொல் முறைத்துக்கொண்டது. 'கொழுந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தொழிற்சாலைக்குப் போகும்' என்ற வரியில் 'சாஸ்' என்ற சொல்லை அப்படியே விட்டிருந்தான். ரஷ்யனில் அது மணித்தியாலம். உக்ரேனியத்தில் எழுத்துக்கு எழுத்து அதே சொல், ஆனால் பொருள் வெறுமனே 'காலம்'. மணித்தியாலத்துக்கு அவர்களுடைய சொல் 'ஹொதினா'. அதை எழுத்தில் பார்த்தால் ரஷ்யனில் வருடத்துக்குச் சொல்கிற 'கோத்' நினைவுக்கு வந்து மிரட்டியது. தொழிற்சாலைக்குப் போக வருடக்கணக்காகும் என்று எழுதிவிடப் போகிறேனோ என்று இரண்டு முறை அகராதியைப் புரட்டினான்.

கடிதமும் சிறுநீரகமும் வந்த வழியும் இப்போது தெரிந்தது. ரஷ்யனில் 'லிஸ்த்' என்றால் இலை, உக்ரேனியத்தில் அதே 'லிஸ்த்' கடிதம். ரஷ்யனில் மொட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரே சொல். உக்ரேனியத்தில் தனித்தனிச் சொற்கள். அகராதியில் இரண்டும் இருந்தன. அவசரத்தில் கண் கண்டதை எடுத்திருந்தான்.

எழுத்துக்கூட்டல் அதைவிட மோசம். ரஷ்ய எழுத்து இதற்கு உக்ரேனிய எழுத்து அது என்று ஒரு அட்டவணை போட்டு, எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருந்தான். இயந்திரத்துக்கு 'மஷினா' என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒரே எழுத்தில்தான் எழுதப்படுகிறது, வாசிக்கும்போதுதான் நடு ஓசை மாறுகிறது. அட்டவணையை நம்பி அதையும் மாற்றிக் கெடுத்திருந்தான். சாற்றுக்கு ரஷ்யனில் 'சோக்', உக்ரேனியத்தில் 'சீக்'. சரி, ஓ போய் ஈ வருகிறது என்று எழுதிக்கொண்டால், 'சாற்றின்' என்று சொல்லும்போது ஈ போய் மறுபடியும் ஓ வந்து உட்காருகிறது. எந்த அட்டவணைக்குள்ளும் அது அடங்கவில்லை.

ஆறாம் நாள் கொப்பியை மூடினான். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்து ஓய்ந்து, மறுபடியும் பெய்தது. ஸுபைரா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, அது ஆறி, அவளே எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அவனுடைய மௌனத்தில் வகை தெரியும்.

கியெவில் பாடமெல்லாம் ரஷ்யனில்தான் நடந்தது. ஆனால் இரண்டு கோடை விடுமுறையில் மாணவர்களைப் பொல்தாவாப் பக்கத்துக் கூட்டுப்பண்ணைக்கு பீட்கிழங்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஹன்னா என்ற பள்ளி ஆசிரியையின் வீட்டில் தங்கினான். அந்த வீட்டிலும் வயலிலும் ரஷ்யனே கிடையாது. 'பிடி', 'குனி', 'இந்த இலையை இப்படிக் கிள்ளு', 'ஒரு கைப்பிடி கொண்டுவா' என்று கையும் வாயும் ஒன்றாகவே கற்றுக்கொண்டன. அப்போது அவன் எதையும் எதிலிருந்தும் பெயர்க்கவில்லை. ஹன்னா இன்றைக்கும் வருடத்துக்கு மூன்று கடிதம் எழுதுகிறார். எல்லாம் அலமாரியில் இருக்கின்றன.

அவன் எழுந்தான். ரஷ்யப் பிரசுரத்தை எடுத்து ஸுபைராவின் கையில் கொடுத்தான்.

"இதை நான் கேட்டாலும் தராதீங்க."

"அப்ப எதைப் பார்த்து எழுதப் போறீங்க?"

"மலையைப் பார்த்து."

*

வேலாயிக்கு மர்ஸூக் நானாவின் நாற்பது ஏக்கரில் கொழுந்து எடுத்து முப்பது வருட அனுபவம். ஒரு படித்த மனிதன் கொப்பியோடு தன் நிரைக்குப் பின்னால் நடப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"என்னா தம்பி, கணக்கப்புள்ள வேலைக்கு வந்திட்டீங்களா?"

"இல்லக்கா. நீங்க செய்யிறதை ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

"கொழுந்து எடுக்கிறதுல சொல்றதுக்கு என்னா இருக்கு? கை போகுது, வருது."

"எப்படிப் போகுது?"

அவள் நின்று தன் கையையே பார்த்தாள். யாரும் அதை அவளிடம் கேட்டதில்லை.

"ரெண்டு எல, நடுவுல அரும்பு. நகத்தால கிள்ளக்கூடாது, கறுத்துப் போகும். விரலு ரெண்டுக்கும் நடுவுல வச்சு ஒடிக்கணும். உள்ளங்கை நெறஞ்சதும் தோளுக்கு மேல கூடைக்குள்ள போடுவோம். கையில இறுக்கி வச்சிருந்தா சூடேறிடும். அப்புறம் அந்தக் கொழுந்துல தேத்தண்ணியும் வராது, ஒரு மண்ணும் வராது."

"இதே செடிக்கு மறுபடி எப்ப வருவீங்க?"

"இன்னைக்குச் செவ்வாயா? அடுத்த செவ்வா இங்கதான். அதுக்குள்ள புதுசா விட்டிருக்கும். முந்தி வந்தா அரும்பு பத்தாது, பிந்தி வந்தா முத்திப் போயிடும்."

ஹுமைத் கொப்பியில் தமிழில் ஒன்றும் எழுதவில்லை. அவள் கை நிறைந்து தோளுக்கு மேல் போனபோது அவன் வாயில் 'ஜ்மென்யா' என்ற சொல் வந்தது. ஒரு கைப்பிடி. பீட்கிழங்கு வயலில் ஹன்னா கையை ஏந்திக் காட்டிச் சொன்ன சொல். ரஷ்யனில் அதற்கு வேறு சொல். ரஷ்யப் பிரசுரத்தில் அந்த வாக்கியமே இல்லை. அதை எழுதியவர் மலைக்கு வந்திருக்க மாட்டார்.

"என்னா தம்பி முணுமுணுக்கிறீங்க? மந்திரமா?"

"அங்க ஒரு டீச்சர் இருக்காங்கக்கா. அவங்களுக்கு இதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"இங்கருந்து கேக்குமா அவங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு, வேலாயி நிரையில் நின்ற மற்றப் பெண்களுக்குக் கேட்கும்படி சிரித்தாள். "புள்ளைகளா, நல்லாப் பேசுங்க. ரஷ்யாவுக்கே கேக்குதாம்!"

மூன்று நாள் மலை, இரண்டு நாள் பக்கத்துத் தொழிற்சாலை. இலை வாடுவதை, உருளையில் நசுங்குவதை, காற்றில் செம்பு நிறமாவதை, அடுப்பில் காய்வதை ஹன்னாவுக்குச் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லி, சொன்னதையே எழுதினான். பிறகுதான் அகராதியைத் தொட்டான். அதுவும் உக்ரேனியச் சொல் சரிதானா என்று பார்க்க மட்டும்.

எழுத்துக்கூட்டலுக்கு ஹன்னாவின் கடிதங்கள் நீதிமன்றம். ஐந்துக்கு ரஷ்யனில் எழுதுகிற சொல்லின் நடுவில் உக்ரேனியத்தில், இங்கிலீஷில் போடும் அப்போஸ்ட்ரஃபி போல ஒரு குறி வரும். உதடு சேர்ந்து ஒலிக்கும் எழுத்துக்கும் அடுத்த 'யா'வுக்கும் நடுவில் போடும் வேலி அது. அப்படியானால் பண்டிகை என்ற சொல்லிலும் போடவேண்டுமே என்று தேடினால், ஹன்னா தன் வாழ்த்துக் கடிதத்தில் அதைக் குறியில்லாமல்தான் எழுதியிருந்தார். அங்கே உதட்டெழுத்துக்கு முன்னால் இன்னொரு மெய் ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்த ஒவ்வொரு சொல்லையும் இப்படி அவர் எழுதிய வரிகளில் தேடிப் பிடித்தான். அவனுடைய ரஷ்யத் தட்டச்சுப் பொறியில் உக்ரேனியருக்கே உரிய எழுத்துகளும் அந்தக் குறியும் இல்லை. அந்த இடங்களை வெற்றாக விட்டு, பேனாவால் ஒவ்வொன்றாக நிரப்பினான். முடித்தபோது தாள் முழுவதும் நீலப் புள்ளிகள்.

"அம்மை போட்ட புள்ள மாதிரி ஈக்குது" என்றாள் ஸுபைரா.

"பொழச்ச புள்ள" என்றான் ஹுமைத்.

*

மார்ச் பதினாலாம் தேதி திருமதி ஒலேனா ரயிலிலிருந்து இறங்கினார். அறுபத்தைந்து வயது, தடித்த கண்ணாடி, தோளில் பெரிய துணிப்பை. மர்ஸூக் நானா கடையின் நடுவில் நாற்காலி போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, ஏழு கோப்பையில் தேநீர் வார்த்து வைத்திருந்தார். ஒலேனா ஒன்றையும் தொடவில்லை.

"முதலில் தாள்" என்றார் இங்கிலீஷில்.

ஹுமைத் கொடுத்தான். அவர் பையைத் திறந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

அவர் மௌனமாக வாசிக்கவில்லை. கோயிலில் வாசிப்பதுபோல நிறுத்தி, நிதானமாக, சத்தமாக வாசித்தார். கடையில் இருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எல்லோரும் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பத்தி முடிந்தது. பென்சில் அசையவில்லை. 'வாரந்தோறும் அதே செடிக்குத் திரும்பி வருவார்கள்' என்ற இடம் வந்தபோது கண்ணாடிக்கு மேலாக ஒரு தரம் நானாவைப் பார்த்தார்.

இரண்டாம் பத்தியில் குரல் நின்றது. அதே வரியை இன்னொரு முறை, மெதுவாக வாசித்தார்.

"ஜ்மென்யா" என்றார். பிறகு ஹுமைத்தைப் பார்த்து உக்ரேனியத்தில் கேட்டார்: "இந்தச் சொல்லை எந்த அகராதியில் எடுத்தாய்?"

"அகராதியில் எடுக்கவில்லை. பொல்தாவாவில், பீட்கிழங்கு வயலில், ஓர் ஆசிரியையிடம் எடுத்தேன்."

"நான் பிறந்தது அங்கேயிருந்து அரை நாள் நடை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என் அம்மா மாவு அளந்தது ஜ்மென்யாவால்தான்."

"என்ன தம்பி செல்றாங்க?" என்றார் நானா பதைபதைப்போடு.

"பொறுங்க நானா."

கடைசிப் பத்தியில் பென்சில் இறங்கியது. ஒலேனா ஒரே ஓர் எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு கொம்பு வரைந்தார். மண் என்ற சொல்லின் முதல் எழுத்து அது, கொம்பு வந்ததும் வேறோர் எழுத்தாயிற்று.

"உன் ஆசிரியை இப்படித்தான் எழுதுவார், எனக்குத் தெரியும். இந்த எழுத்தை அங்கே அரசாங்கம் எடுத்துவிட்டது. நாங்கள் போகும்போது கூடவே கொண்டுபோய்விட்டோம். எங்களுடைய தாளில் இது இருக்கட்டும்."

"வேறு பிழை?"

"வேறு இல்லை." பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு முதல் கோப்பையைக் கையில் எடுத்தார். "போன தாளைப் பெயர்த்தவன் எங்கே?"

"வேலையிலிருந்து நிறுத்தியாச்சு" என்றான் ஹுமைத்.

ஒலேனா கோப்பை குலுங்கச் சிரித்தார். நானா அதற்குள் பொறுமை இழந்து மேசையைத் தட்டினார். "டேய், செல்லித் தொலையேண்டா!"

"அச்சுக்குக் குடுக்கச் சொல்றாங்க நானா. வருஷம் முழுக்க வாங்கப் போறாங்க."

மர்ஸூக் நானா 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொன்னது வீதியின் மறுபக்கத்துத் துணிக்கடை வரை கேட்டது. கடைவீதியே எட்டிப் பார்த்தது. நானா ஹுமைத்தின் தோளைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், யாரும் கேட்காமலே எல்லோருக்கும் அறிவித்தார்: "எங்கட தம்பி! கனடாக்காரியே குத்தம் கண்டுபுடிக்கேலாத மாதிரி எழுதியிருக்கான்! இனி எவனாவது இவன ரஷ்யாக்காரன்னு கூப்பிட்டா என்னட்ட வந்து பதில் சொல்லணும்!"

"அப்ப எப்படிக் கூப்பிடுறது?" என்றது எதிர்க்கடைக் குரல்.

"ஹுமைத் மாஸ்டர்னு கூப்பிடு!"

ஒலேனா மூன்றாவது கோப்பையில் இருந்தார். தாளின் அடியில் விரல் வைத்து, "இங்கே ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறதே. வேலாயி. உண்மையான ஆளா?" என்று கேட்டார்.

"உண்மையான ஆள்தான். இப்போது மலையில் நிற்பார்."

"அப்படியானால் ஏன் உட்கார்ந்திருக்கிறோம்?"

நானாவின் வான் நமுனுகுலைப் பாதையில் ஏறியது. வேலாயி நிரையைவிட்டு இறங்கி வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். ஒலேனா அவளுடைய கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, விரல் இடுக்கில் படிந்திருந்த கொழுந்துக் கறையை உற்றுப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். தன் தாயின் வயல், கப்பலில் போனது, பனியில் முளைக்காத விதை, கடையில் தேநீர் கேட்கும் கிழவிகள் என்று நீண்டுகொண்டே போயிற்று. நடுவில் அழுதார், சிரித்தார், வேலாயியின் கையை மட்டும் விடவில்லை.

முடிந்ததும் ஹுமைத் சொன்னான்: "அக்கா, உங்க கையும் அவங்க அம்மா கையும் ஒண்ணாம்."

வேலாயி அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அம்புட்டு நேரம் பேசினாங்க. நீங்க ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்க?"

"அவ்வளவுதான்க்கா சொன்னாங்க."

வேலாயி தன் கூடையிலிருந்து ஒரு கைப்பிடி கொழுந்தை அள்ளி, ஒலேனாவின் துணிப்பையில் போட்டாள்.

"அப்ப இதையும் சொல்லிடுங்க" என்றாள்.

ஹுமைத் வாயைத் திறக்கும் முன்பே ஒலேனா தலையாட்டிவிட்டார்.